சுமாராக முடிந்த சவுண்ட் வேலை: வெண்டருக்கு என்ன எழுதுவது, எப்படி எழுதுவது

கேள்வி: அலுவலகத்தில் ஒருநாள் கருத்தரங்கு நடத்தினோம். அரங்கில் 150 பேர், இணையம் வழியாக 40 பேர். மைக், ஸ்பீக்கர், திரை எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து ஒரு சவுண்ட் சர்வீஸ். மோசம் என்று சொல்ல முடியாது, பிரமாதம் என்றும் சொல்ல முடியாது. காலையில் ஒருமுறை மைக் நின்றுபோனது. கேள்வி நேரத்தில் கீச்சென்று கத்தியது. இணையத்தில் இருந்தவர்களுக்கு மதியம் வரை சரியாகக் கேட்கவில்லை. ஆனால் வந்த ஆட்கள் நல்லவர்கள், ஓடி ஓடி வேலை செய்தார்கள். அடுத்த கூட்டத்துக்கும் அவர்களையே கூப்பிடலாம் என்று இருக்கிறோம். மனம் நோகாமல், ஆனால் உறைக்கிற மாதிரி எப்படி எழுதுவது?

பதில்:

எழுத உட்காருவதற்கு முன்னால், அவர்களுக்கு நீங்கள் கொடுத்த பணி ஆணையையும் அவர்கள் தந்த கொட்டேஷனையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சுமாராக முடிந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அதில் என்ன இருக்கும்? கார்ட்லெஸ் மைக் 2, காலர் மைக் 1, ஸ்பீக்கர் 2, மிக்சர் 1, புரொஜெக்டரும் திரையும், ஆப்பரேட்டர் ஒருவர். அதாவது பொருள்களின் பட்டியல். அந்தப் பொருள்களால் என்ன நடக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இருக்காது. இணையத்தில் 40 பேர் கேட்கப்போகிறார்கள் என்பது அதில் எழுதப்பட்டிருந்ததா என்று முதலில் பாருங்கள்.

அன்று நடந்த ஒவ்வொரு குறையையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டால் அவை மூன்று வகையாகப் பிரியும். அவர்கள் ஒப்புக்கொண்டு செய்யாமல் விட்டது ஒன்று. நாம் செய்து தருவதாகச் சொல்லிச் செய்யாதது இன்னொன்று, அரங்கை ஏழு மணிக்குத் திறந்து தருகிறோம் என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்குத் திறப்பது போல. மூன்றாவது, இரண்டு தரப்பும் எழுதாமல், பேசாமல், அவரவர் மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு விட்டது. முதல் வகையைக் குறையாகச் சொல்லலாம். இரண்டாவதை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவதைக் குறையாகச் சொன்னால் வெண்டருக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் நியாயமும்கூட. அதை ‘அடுத்த முறை இது வேண்டும்’ என்று புதிய தேவையாகத்தான் வைக்க வேண்டும். மனம் நோகாமல் எழுதுவது என்று நீங்கள் கேட்டதில் பாதி, வார்த்தைகளை மெதுவாக்குவதில் இல்லை, இந்தப் பிரிப்பைச் சரியாகச் செய்வதில் இருக்கிறது.

நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் இப்படிப் பார்ப்போம்.

மைக் நின்றது. கார்ட்லெஸ் மைக் திடீரென்று நிற்பதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள். பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது மைக்கிலிருந்து ரிசீவருக்குப் போகும் அலைவரிசையில் இடையூறு வந்திருக்கலாம். பேட்டரியை மாற்றியதும் அதே மைக் வேலை செய்தது, பிறகு மாலை வரை தொந்தரவே இல்லை என்றால் முதல் காரணமாகத்தான் இருக்கும். மைக்கின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தும் ஒலி விட்டுவிட்டு வந்தது, பேசுபவர் இடம் மாறினால் சரியானது என்றால் இரண்டாவது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரீசார்ஜ் செய்யும் பேட்டரிகளில் மின்னழுத்தம் நெடுநேரம் ஒரே அளவில் நின்று, கடைசியில்தான் சட்டென்று இறங்கும். அதனால் மைக்கின் பேட்டரி அளவுகோல் பாதிக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும்போதே சிலசமயம் மைக் நின்றுவிடும். ஆப்பரேட்டர் பார்க்காமல் விட்டார் என்று நாம் நினைப்போம், அவர் பார்த்துமிருப்பார். ஆகவே ‘பேட்டரியைக்கூடப் பார்க்கவில்லை’ என்று எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு நேரம் ஒலி இல்லை, எதை மாற்றியதும் சரியானது, இந்த மூன்றையும் மட்டும் எழுதுங்கள். காரணத்தை அவர்கள் சொல்லட்டும். காரணத்தை நாமே ஊகித்து எழுதி, அது தவறாகப்போனால், மீதி எழுதியது அத்தனையும் அவர்கள் கண்ணில் மதிப்பிழந்துவிடும்.

கீச்சென்று கத்தியது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய், பெருகி, திரும்ப ஸ்பீக்கருக்கு வருகிற சுழற்சிதான் இந்தச் சத்தம். மேடையில் பேசும்போது வராமல் கேள்வி நேரத்தில் மட்டும் வந்தது என்கிறீர்கள். அது ஒரு நல்ல தடயம். கேள்வி கேட்பவர்களிடம் மைக்கை எடுத்துக்கொண்டு போனது யார்? பெரும்பாலும் உங்கள் அலுவலகத் தன்னார்வலராகத்தான் இருப்பார். மைக்கை ஆன் செய்தபடியே கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்து போயிருப்பார். கேட்பவரும் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருப்பார். ஒலி போதவில்லை என்று ஆப்பரேட்டர் ஏற்றியிருப்பார், உடனே கத்தியிருக்கும். அப்படி நடந்திருந்தால் இது இரண்டு தரப்புக்கும் பொதுவான குறை. மைக் கைமாறும்போது அந்த ஒரு மைக்கின் ஒலியை மட்டும் மிக்சரில் இறக்கி வைப்பது ஆப்பரேட்டர் வேலை. எந்த வழியில் நடக்க வேண்டும், மைக்கை எப்படிப் பிடிக்கச் சொல்ல வேண்டும் என்று தன்னார்வலருக்குக் காலையில் சொல்லித் தருவது இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஸ்பீக்கரை எங்கே நிறுத்துவது என்பது மட்டும் முழுக்க அவர்கள் பொறுப்பு.

இணையத்தில் கேட்காதது. மூன்றில் இதுதான் முக்கியம். 40 பேருக்கு அரை நாள் போய்விட்டது, மற்ற இரண்டும் சில நிமிடங்களில் முடிந்துவிட்டன. மதியம் எப்படிச் சரியானது என்று விசாரித்தீர்களா? வழக்கமாக நடப்பது இதுதான். காலையில் இணையக் கூட்டத்துக்கான லேப்டாப் அதன் சொந்த மைக்கில் அரங்கத்து ஒலியைப் பிடித்துக்கொண்டிருக்கும். தூரத்து ஸ்பீக்கர், எதிரொலி, மின்விசிறி எல்லாம் கலந்து கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். யாராவது புகார் சொன்ன பிறகு, மிக்சரிலிருந்து லேப்டாப்புக்கு நேரடியாக ஒரு கேபிள் போட்டுக் கொடுப்பார்கள், உடனே தெளிவாகிவிடும்.

அப்படித்தான் நடந்தது என்றால் அதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. தேவையான கேபிளும் அதற்கான சிறு கருவியும் அவர்கள் பெட்டியிலேயே இருந்தன. ஆகவே கருவிப் பற்றாக்குறை இல்லை, திறமைக் குறைவும் இல்லை. இணையத்துக்குத் தனி ஒலி வேண்டும் என்று காலையில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆப்பரேட்டருக்கு அங்கே ஒலி நன்றாகவே கேட்டது. இணையத்தில் எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அதைக் கேட்டுச் சொல்ல ஓர் ஆளை யாரும் நியமிக்கவில்லை. பணி ஆணையில் இணையம் பற்றிய வரி இல்லையென்றால் இது அப்பட்டமான மூன்றாம் வகை. வரி இருந்தது என்றால் முதல் வகை, அப்போது கொஞ்சம் அழுத்தமாகவே எழுதலாம்.

அடுத்து, நன்றாக இருந்ததை எழுதுவது. இதைப் பலர் மரியாதைக்காகச் சேர்க்கிற வரியாக நினைக்கிறார்கள். ‘உங்கள் குழுவினர் சிறப்பாக ஒத்துழைத்தார்கள்’ என்று தொடங்கி, நடுவில் குறைகளை ஒளித்துவைத்து, ‘மொத்தத்தில் திருப்தி’ என்று முடிப்பார்கள். படிக்கிறவர் முதல் வரியையும் கடைசி வரியையும் வைத்துக்கொண்டு நடுவிலிருப்பதை விட்டுவிடுவார். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை.

நல்லதை எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. நிறுவனத்தின் உரிமையாளர் அன்று அரங்கில் இருந்திருக்க மாட்டார். உங்களுக்கு வந்த ஆப்பரேட்டர் நிரந்தர ஊழியராகவும் இருக்கலாம், அன்றைய ஒருநாள் வேலைக்கு அமர்த்தப்பட்டவராகவும் இருக்கலாம். மேடை மைக்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு மைக்கை ஆன் செய்து தயாராக வைத்திருந்தார் என்றால், அது அந்த நிறுவனத்தின் வழக்கமா, அந்த ஆளின் சொந்தப் புத்தியா என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எழுதாவிட்டால் அடுத்த முறை வேறொருவர் வருவார், அந்த நல்ல பழக்கம் வராது. பிறகு ‘போன தடவை இருந்ததே’ என்று வருத்தப்படுவீர்கள். எழுதிவிட்டால் அது எதிர்பார்ப்பாக மாறிவிடும். அதனால் ‘ஓடி ஓடி வேலை செய்தார்கள்’ என்பது போதாது. எதற்காக ஓடினார்கள், அதனால் என்ன நடந்தது என்று எழுதுங்கள். நடைபாதையில் கேபிள்களை டேப் போட்டு ஒட்டியிருந்தார்களா? பேச்சாளர் ஒவ்வொருவரின் லேப்டாப்பையும் முதல் நாளே இணைத்துப் பார்த்தார்களா? மாற்று மைக் எத்தனை நிமிடத்தில் மேடைக்கு வந்தது? இவைதான் பாராட்டாக எழுதத் தகுந்தவை.

எழுதுவதற்கு முன் ஒரு போன் பேசிவிடுங்கள், நிகழ்ச்சி முடிந்த இரண்டு மூன்று நாளுக்குள். ஒரு வாரம் கடந்தால் ஆப்பரேட்டர் வேறு பல அரங்குகளில் வேலை பார்த்திருப்பார், உங்கள் அரங்கில் நடந்தது அவருக்கு நினைவிருக்காது. அன்றைக்கே பேசுவதும் வேண்டாம், எல்லாரும் களைத்திருப்பார்கள். போனில் குறையை அடுக்காமல், ‘அன்னைக்கு உங்க பக்கம் எப்படி இருந்துச்சு? எங்களால உங்களுக்கு ஏதாவது சிரமம் ஆச்சா?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அரங்கு தாமதமாகத் திறந்தது, சவுண்ட் செக்குக்குப் பத்து நிமிடம்தான் கிடைத்தது, கடைசி நேரத்தில் குழு விவாதம் என்று நான்கு மைக் கேட்டீர்கள், இப்படி ஏதாவது வரும். எது வந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதப்போவது அதற்குப் பிறகு இன்னும் துல்லியமாக இருக்கும்.

பணத்தை இதோடு கலக்காதீர்கள். ஒப்பந்தத்தில் குறைபாட்டுக்குப் பிடித்தம் உண்டு என்று இருந்தால் அது தனிக் கடிதம், தனிப் பேச்சு. இல்லையென்றால் இன்வாய்ஸை அதன் தேதியில் கொடுத்துவிடுங்கள். பாக்கியைப் பிடித்துவைத்துக்கொண்டு அனுப்பும் கருத்தை எந்த வெண்டரும் கருத்தாகப் படிக்க மாட்டார், விலையைக் குறைக்கப் போடும் அடி என்றுதான் படிப்பார். முடிந்தால் பணம் போன பிறகே கடிதம் போகட்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம். நேரங்களும் அளவுகளும் மாதிரிக்காக நான் வைத்தவை. உங்கள் குறிப்பிலிருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

---

வணக்கம்.

சென்ற வியாழக்கிழமை நடந்த எங்கள் கருத்தரங்குக்கு ஒலி, திரை ஏற்பாடுகளைச் செய்து தந்தீர்கள். அடுத்த கருத்தரங்குக்கும் உங்களோடு வேலை செய்ய விரும்புகிறோம். அதற்காகவே அன்று நடந்தவற்றை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்கிறேன். காலை 9.30 முதல் மதியம் 1.15 வரை இணையம் வழியாகக் கலந்துகொண்ட 40 பேருக்குப் பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை. இரண்டு அமர்வுகளை அவர்கள் முழுமையாகப் பின்தொடர முடியவில்லை. உணவு இடைவேளையில் உங்கள் ஆப்பரேட்டர் மிக்சரிலிருந்து லேப்டாப்புக்கு நேரடி இணைப்பு கொடுத்ததும் சரியானது. இணையத்துக்குத் தனி ஒலி தேவை என்று எங்கள் பணி ஆணையில் எழுதவில்லை. அது எங்கள் பக்கத்து விடுபடல்.

காலை 10.40-க்கு மேடையில் இருந்த கைமைக் நின்றது. மூன்று நிமிடத்தில் மாற்று மைக் வந்தது. நின்ற மைக் பேட்டரி மாற்றிய பிறகு மாலை வரை வேலை செய்தது. அன்று என்ன பேட்டரி பயன்படுத்தினீர்கள், எப்போது மாற்றுவது உங்கள் வழக்கம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம்.

மதியம் 3.20 முதல் 3.45 வரை நடந்த கேள்வி நேரத்தில் நான்கு முறை ஸ்பீக்கர் கீச்சிட்டது. மைக்கை எடுத்துச் சென்றவர் எங்கள் ஊழியர். வலப்பக்க ஸ்பீக்கருக்கு முன்னால் அவர் கடக்கும்போதுதான் பெரும்பாலும் அது நடந்தது. அவருக்கு முன்கூட்டியே சொல்லித்தரவில்லை.

நன்றாக இருந்தவை: மாற்று மைக் ஆன் செய்யப்பட்டு மேடைக்குப் பக்கத்திலேயே இருந்ததால்தான் இடைவெளி மூன்று நிமிடத்தோடு முடிந்தது. பேச்சாளர் ஐந்து பேரின் லேப்டாப்புகளையும் முதல்நாள் மாலையே திரையோடு இணைத்துப் பார்த்ததால் அமர்வு மாறும்போது ஒருமுறைகூடத் தாமதம் இல்லை. நடைபாதைக் கேபிள்கள் எல்லாம் ஒட்டப்பட்டிருந்தன. இவை மூன்றும் அடுத்த முறையும் இதேபோல வேண்டும். அன்று வந்த ஆப்பரேட்டரிடம் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை உங்களிடம் எதிர்பார்ப்பவை: இணையத்துக்கு மிக்சரிலிருந்து தனி இணைப்பு, நிகழ்ச்சி தொடங்க 45 நிமிடத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். எல்லா கார்ட்லெஸ் மைக்குகளிலும் காலையிலும் உணவு இடைவேளையிலும் புதிய அல்லது முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி போட வேண்டும். கேள்வி நேரத்து மைக்கின் ஒலியை, அது கைமாறும் நேரத்தில் ஆப்பரேட்டர் இறக்கி வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் செய்யப்போவது: அரங்கை நிகழ்ச்சிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு முன் திறந்து தருவோம். இணையத்தில் ஒலி எப்படி இருக்கிறது என்று வேறு அறையிலிருந்து ஹெட்போனில் கேட்டுச் சொல்ல ஒருவரை நியமிப்போம். மைக் எடுத்துச் செல்பவரைக் காலையிலேயே உங்கள் ஆப்பரேட்டரிடம் அனுப்புவோம்.

இவற்றில் எது உங்களுக்குச் சாத்தியமில்லை, எதற்குக் கூடுதல் ஆளோ கருவியோ தேவை என்று அடுத்த வாரத்துக்குள் தெரிவித்தால், புதிய பணி ஆணையை அதன்படி எழுதிக்கொள்வோம்.

நன்றி.

---

இந்தக் கடிதத்தில் சில விஷயங்கள் வேண்டுமென்றே செய்யப்பட்டவை. பெரிய குறை முதலில் வருகிறது. காலவரிசைப்படி எழுதினால் மூன்று நிமிட மைக் பிரச்சினை முன்னாலும் அரை நாள் பிரச்சினை பின்னாலும் நின்றுவிடும், இரண்டுக்கும் ஒரே எடை என்று படிப்பவர் நினைத்துவிடுவார். ‘மோசம்’, ‘பொறுப்பில்லாமல்’, ‘அலட்சியம்’ போன்ற சொற்கள் எங்கும் இல்லை. ஒரு மனிதரின் குணத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் தன் குணத்தைக் காப்பாற்றத்தான் பதில் எழுதுவார். 10.40-க்கு மைக் நின்றது என்று சொன்னால் அதில் வாதாட எதுவும் இல்லை. நீங்கள் கேட்ட உறைப்பு இதில்தான் கிடைக்கும். ‘மைக் அடிக்கடி தொந்தரவு கொடுத்தது’ என்பதைப் படித்து யாரும் அசைய மாட்டார்கள். ‘40 பேர் இரண்டு அமர்வுகளைப் பின்தொடர முடியவில்லை’ என்பதைப் படித்தால் அசைவார்கள்.

எதிர்பார்ப்புகளை எழுதும்போது ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். ஒலி பற்றி ஒன்றுமே தெரியாத உங்கள் அலுவலக ஊழியர் ஒருவர், அரங்கில் நின்றுகொண்டு, நிறைவேறியது அல்லது இல்லை என்று சொல்ல முடிய வேண்டும். ‘ஒலியின் தரம் மேம்பட வேண்டும்’ என்பதை அவரால் சொல்ல முடியாது. ‘45 நிமிடத்துக்கு முன் இணைய இணைப்பு தயார்’ என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். ‘பேட்டரிகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்’ என்பது வெறும் ஆசை. ‘உணவு இடைவேளையில் மாற்ற வேண்டும்’ என்பது கண்ணால் பார்க்கக்கூடியது. அதேசமயம் எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்குள் அதிகமாகப் போகாதீர்கள். எந்த நிறுவனத்து மைக், எந்த மிக்சர், எந்தக் கேபிள் என்றெல்லாம் நீங்கள் சொல்லத் தொடங்கினால், பிறகு ஏதாவது நின்றால் ‘நீங்க சொன்னதைத்தானே போட்டோம்’ என்று அவர்கள் சொல்வது நியாயமாகிவிடும். விளைவை நீங்கள் சொல்லுங்கள், வழியை அவர்களிடம் விடுங்கள். பேட்டரி விஷயத்தில் நான் வழியையும் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் மைக் நிற்காது என்பதை நின்ற பிறகுதான் சோதிக்க முடியும், மாற்றினார்களா என்பதை முன்னாலேயே பார்த்துவிடலாம்.

எதிர்பார்ப்புகள் மூன்றோடு நின்றிருப்பதையும் கவனியுங்கள். அன்று வேறு சிறு குறைகளும் இருந்திருக்கும். திரையில் ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கலாம், ஆப்பரேட்டர் மேசை வழியை அடைத்திருக்கலாம். அவற்றைப் போனில் சொல்லிவிடுங்கள். பத்து வரி எழுதினால் எது முக்கியம் என்று வெண்டர் தீர்மானிப்பார், அவருக்கு எளிதானதைத்தான் முதலில் சரிசெய்வார்.

கடிதத்தை யாருக்கு அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். ஆளையும் கருவியையும் அனுப்ப முடிவெடுப்பவருக்குப் போக வேண்டும், உரிமையாளர் அல்லது உங்கள் வேலையை ஒப்புக்கொண்ட மேலாளருக்கு. ஆப்பரேட்டருக்கு மட்டும் அனுப்பினால் எதுவும் மாறாது. பேட்டரி வாங்கித் தருவது அவர் கையில் இல்லை. அவரை விட்டுவிட்டு மேலே மட்டும் அனுப்பினாலும், அவர்மேல் புகார் போனதாக எண்ணுவார். அதனால்தான் அவருடைய நல்ல வேலையைக் கடிதத்திலேயே தனியாகச் சொன்னேன். உரிமையாளர் அதை அவரிடம் படித்துக் காட்டுவார் என்ற நம்பிக்கையோடு எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில், பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் இதைப் போடவே கூடாது. பொதுவில் மதிப்பெண் கொடுப்பதையும், அவர்கள் பதில் வந்து அடுத்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பதில் வந்ததும் அதைக் கவனமாகப் படியுங்கள். ‘மன்னிச்சுக்கோங்க சார், இனிமே பாத்துக்கறோம்’ என்று ஒரே வரியில் வந்தால் எதுவும் மாறப்போவதில்லை என்றே எடுத்துக்கொள்வேன். அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக அல்ல, என்ன மாற வேண்டும் என்று இன்னும் யோசிக்கவில்லை என்பதற்காக. அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இணைய இணைப்பை யார், எத்தனை மணிக்குப் போடுவார்?’ அதற்கு ஒரு ஆளும் ஒரு நேரமும் பதிலாக வந்தால் போதும்.

நல்ல பதில் சிலசமயம் கேட்க இனிமையாக இருக்காது. ‘ஒரே ஆப்பரேட்டரால் அரங்க ஒலியையும் இணைய ஒலியையும் கேள்வி நேரத்து மைக்கையும் சேர்த்துப் பார்க்க முடியாது, இரண்டாவது ஆள் வேண்டும், அதற்குக் கூடுதல் கட்டணம் ஆகும்’ என்று எழுதுவார்கள். இதைப் பேரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அரங்கத்துக்கு ஏற்ற ஒலி அளவும் இணையத்துக்கு ஏற்ற ஒலி அளவும் வேறு. அரங்கில் பேச்சாளரின் குரல் நேராகவும் காதில் விழுகிறது, இணையத்தில் மிக்சர் வழியாக வருவது மட்டும்தான் கேட்கும். இரண்டையும் ஒருவர் பார்ப்பது சின்ன அரங்கில் முடியும். 150 பேர், குழு விவாதம், கேள்வி நேரம் என்றால் கஷ்டம்தான். அந்தக் கூடுதலைக் கொடுக்க உங்களுக்கு வழியில்லை என்றால், இணையத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு தரம் போதும் என்று நீங்களே இறங்கி வந்து அதை எழுதிக்கொடுக்க வேண்டும். பணம் ஏறாமல் எதிர்பார்ப்பு மட்டும் ஏறினால் அடுத்த முறையும் சுமாராகத்தான் முடியும்.

இந்த முறை பொருந்தாத இடங்களும் உண்டு. மின்கம்பி தோல் உரிந்து கிடந்தது, ஸ்பீக்கர் ஸ்டாண்ட் ஆடியது, மைக்கைத் தொட்டால் மின்சாரம் சுர்ரென்றது என்றால் அது சுமாரான சேவை இல்லை, ஆபத்து. அதற்குக் கடிதம் வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே மின்சாரத்தை நிறுத்திச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். அதேபோல, எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரு விஷயம் இரண்டாவது நிகழ்ச்சியிலும் அப்படியே தவறினால், இன்னொரு பக்குவமான கடிதம் எழுதி நேரத்தைக் கழிக்காதீர்கள். கருத்து அங்கே போய்ச்சேர்ந்துவிட்டது, செய்வதற்கு அவர்களிடம் ஆளோ மனமோ இல்லை. வேறு வெண்டரைப் பாருங்கள். தவறியது வேறு விஷயம் என்றால் மட்டும் மறுபடி எழுதலாம்.

கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை உங்கள் மேசையில் இருக்கிறது. அவர்கள் ஒப்புக்கொண்ட எதிர்பார்ப்புகளையும் நன்றாக இருந்த மூன்றையும் அதே சொற்களில் அடுத்த பணி ஆணையின் பொருள் பட்டியலுக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். நிகழ்ச்சியன்று காலை அந்தத் தாளோடு ஒருவர் அரங்கில் நிற்கட்டும். முதலில் வேறு அறையிலிருந்து இணைய ஒலியைக் கேட்கச் சொல்லுங்கள். லேப்டாப்பின் சொந்த மைக்கை இரண்டு விரலால் தட்டிப் பார்க்கட்டும், தட்டும் சத்தம் இணையத்தில் கேட்டால் மிக்சர் இணைப்பு எடுபடவில்லை, லேப்டாப் மைக்கே இன்னும் ஓடுகிறது என்று பொருள். பிறகு மைக் எடுத்துச் செல்பவர் அரங்கம் முழுக்க ஒருமுறை நடந்து, கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். எங்கே கீச்சிடுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும், ஸ்பீக்கரைத் திருப்பவோ அவர் நடக்கும் வழியை மாற்றவோ இன்னும் நேரம் இருக்கும்.